53 என்ற எண்ணில் இரு வழிகள்: வீட்டு டிஎன்எஸ் சர்வருடன் நெடுநாள் அனுபவம்

சில ஆண்டுகளாக என் வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்று டிஎன்எஸ் சர்வராக இயங்கி வருகிறது. இணையதளத்தின் பெயரைக் கேட்டால் அதற்குரிய ஐபி முகவரியைத் தருவதே அதன் வேலை. அதே கருவியில் அமைப்புகளை மாற்றுவதற்கான வலைப்பக்கமும், வேறு கணினியிலிருந்து உள்நுழைவதற்கான எஸ்எஸ்எச் நிரலும் உள்ளன. மூன்றுக்கும் ஐபி முகவரி ஒன்றே என்பதால், வந்து சேரும் தரவுப் பொதி எந்த நிரலுக்கு உரியது என்பதைக் காட்ட இன்னொரு எண் தேவைப்படுகிறது. அதுவே போர்ட் எண். பொதியின் தலைப்பில் எழுதப்படும் 0 முதல் 65535 வரையிலான எண் அது. கேபிள் செருகும் துளைக்கும் அதற்கும் தொடர்பில்லை. 53 என்றிருந்தால் டிஎன்எஸ் நிரலிடமும், 22 என்றிருந்தால் எஸ்எஸ்எச் நிரலிடமும் இயங்குதளம் பொதியை ஒப்படைக்கிறது. கேட்கும் கைபேசியும் தனக்கென ஒரு தற்காலிக எண்ணை எடுத்துக்கொண்டு அனுப்புவதால், பதில் அந்த எண்ணுக்கே திரும்புகிறது.

பொதிகளை அனுப்பும் நெறிமுறைகளில் முக்கியமானவை டிசிபி, யுடிபி என்ற இரண்டு. புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு: டிசிபியின் 53 வேறு, யுடிபியின் 53 வேறு. யுடிபியில் முன்னேற்பாடு எதுவும் இல்லை. கேள்வி ஒரு பொதியில் போகும், பதில் ஒரு பொதியில் வரும், வழியில் தொலைந்தால் கேட்ட நிரல்தான் மீண்டும் கேட்க வேண்டும். டிசிபியோ முதலில் மூன்று பொதிகளைப் பரிமாறி இணைப்பை ஏற்படுத்தி, தரவுக்கு வரிசை எண் இட்டு, தொலைந்ததைத் தானே மறுபடி அனுப்புகிறது. சிறிய டிஎன்எஸ் கேள்விக்கு இவ்வளவு ஏற்பாடு வீண் என்பதால் யுடிபியே வழக்கம்.

ஆனால் எல்லாப் பதில்களும் சிறியவை அல்ல. என் சர்வரில் அன்றாடத் தளங்கள் எல்லாம் உடனே திறந்தன. சில பெரிய நிறுவனங்கள் தம் தளப்பெயருடன் வைத்திருக்கும் உரைக் குறிப்புகளான TXT பதிவுகளைக் கேட்டபோது மட்டும் பதில் வரவில்லை. அப்போது, டிஎன்எஸ் சர்வரிடம் கேள்வி கேட்டுப் பார்க்க உதவும் dig கட்டளை காட்டிய வரி இது:

```
;; Truncated, retrying in TCP mode.
```

பதில் யுடிபிக்கு வகுத்த அளவை மீறியதால் சர்வர் அதைத் துண்டித்து அனுப்பியது. Dig அதே கேள்வியை டிசிபியில் மீண்டும் கேட்டது. நான் பின்பற்றிய நிறுவல் குறிப்போ ஃபயர்வாலில் யுடிபி 53-ஐ மட்டுமே திறந்திருந்தது. தீர்வு ஒரே வரிதான்:

```
sudo ufw allow 53/tcp
```

முற்றிலும் செயலிழந்த சர்வரைவிட இத்தகைய அரைகுறைக் கோளாறே அதிகம் அலைக்கழிக்கும் என்பது என் கருத்து. எந்த நிரல் எந்த எண்ணில் காத்திருக்கிறது என்பதை `sudo ss -tulpn` காட்டும்; ஃபயர்வால் வழிவிடுகிறதா என்பதை அது காட்டாது. அதற்கு வேறொரு கணினியிலிருந்து `dig +tcp` கொண்டு கேட்டுப் பார்க்க வேண்டும். டிசிபியில் இணைப்பு ஏற்படுகிறதா இல்லையா என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். யுடிபியில் பதில் வராவிட்டால், பொதி தொலைந்ததா, ஃபயர்வால் தடுத்ததா, நிரல் பேசாமல் இருக்கிறதா என்பதை அந்த மௌனத்தை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது.