டாலரன்ஸ் இன்டர்வெல்: லேத் பட்டறையில் நான்கு வருட அனுபவம்

கோயம்புத்தூரில் ஒரு சிறிய சிஎன்சி பட்டறையில் குவாலிட்டி பார்க்கிறேன். நான்கு வருடமாக லாட் அனுப்பும் முன், அதிலுள்ள பீஸ்களில் பெரும்பங்கு எந்த இரண்டு அளவுக்குள் இருக்கும் என்று சொல்லும் டாலரன்ஸ் இன்டர்வெல் போட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் கான்ஃபிடன்ஸ் இன்டர்வெலை வைத்துக்கொண்டு ஏமாந்தவன் நான். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

புஷ் ஒன்று. நீளம் 25 மிமீ, கூடக் குறைய 0.05 போகலாம். அதாவது 24.95 முதல் 25.05 வரை. 2000 பீஸ் லாட்டில் 30 எடுத்து அளந்தேன். சராசரி 25.010, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 0.013. எக்செலில் 95% கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல் போட்டால் 25.005 முதல் 25.015 வரை வந்தது. டிராயிங் எல்லைக்கு நடுவில் அழகாக உட்கார்ந்திருக்கிறது என்று ரிப்போர்ட்டில் எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு வாரத்தில் 14 பீஸ் திரும்பி வந்தது. எல்லாமே 25.05-ஐத் தாண்டியவை.

நான் போட்ட கணக்கில் தவறில்லை, ஆனால் அது வேறு கேள்விக்கான பதில். லாட்டின் சராசரி நீளம் எங்கே இருக்கும் என்பதை மட்டும்தான் கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல் சொல்கிறது. அசெம்பிளியில் சராசரியை யாரும் மாட்டுவதில்லை, ஒவ்வொரு புஷ்ஷாகத்தான் மாட்டுகிறார்கள். 30-க்குப் பதில் 1000 பீஸ் அளந்திருந்தால் அந்த இடைவெளி 25.010-க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு மைக்ரான்கூட இருந்திருக்காது. பீஸ்களின் ஏற்ற இறக்கம் மட்டும் அப்படியே இருந்திருக்கும். எவ்வளவு அளக்கிறோமோ அவ்வளவு சுருங்கும் ஒன்றை வைத்துக்கொண்டு பீஸ்களைப் பற்றி எப்படிப் பேச முடியும்?

எனக்கு வேண்டியிருந்தது வேறு வாக்கியம்: "இந்த லாட்டில் குறைந்தது 99% பீஸ்கள் இந்த இரண்டு அளவுக்குள் இருக்கும் என்று 95% நம்பிக்கையோடு சொல்லலாம்." இதைத்தான் டாலரன்ஸ் இன்டர்வெல் சொல்கிறது. இதில் சதவீத எண்கள் இரண்டு இருப்பதுதான் முதலில் எல்லோரையும் குழப்பும். 99% என்பது பீஸ்களின் பங்கு. 95% என்பது 30 பீஸ் எடுத்த நம் அதிர்ஷ்டத்தைப் பற்றியது. இதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் நூற்றுக்கு ஐந்து தடவை, நாம் போட்ட இடைவெளிக்குள் 99%-க்குக் குறைவான பீஸ்களே அடங்கியிருக்கும்.

சராசரியிலிருந்து 2.576 மடங்கு டீவியேஷன் எடுத்தால் 99% வந்துவிடுமே என்று படித்தவர்கள் கேட்பார்கள். நானும் போட்டுப் பார்த்தேன். 24.977 முதல் 25.043 வரை வருகிறது, எல்லைக்குள்தான். ஆனால் 2.576 என்பது முழு லாட்டின் உண்மையான டீவியேஷன் தெரிந்தவர்களுக்கான எண். என்னிடம் இருந்த 0.013, 30 பீஸிலிருந்து வந்த மதிப்பீடு. 30 பீஸை வைத்துச் சொன்னால் உண்மை 0.010-ஆகவும் இருக்கலாம், 0.017-ஆகவும் இருக்கலாம். அந்தச் சந்தேகத்துக்கும் சேர்த்து இடைவெளியை அகட்டிக் கொடுப்பதுதான் டாலரன்ஸ் இன்டர்வெல். 2.576-க்குப் பதில் k என்று ஒரு பெருக்கல் எண். 30 பீஸுக்கு அது 3.35. 10 பீஸ் மட்டும் அளந்தால் 4.4-க்கு மேல் போகும். 100 அளந்தால் 2.93-க்கு இறங்கும். எவ்வளவு அளந்தாலும் 2.576-க்குக் கீழே வராது.

அந்த k-க்கு நான் எக்செலில் போட்டு வைத்திருப்பது ஹோ என்ற புள்ளியியலாளரின் தோராயச் சூத்திரம்:

```
=NORM.S.INV(0.995)*SQRT(29*(1+1/30)/CHISQ.INV(0.05,29))
```

இதில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டேன். `CHISQ.INV` போட வேண்டிய இடத்தில் `CHISQ.INV.RT` போட்டுவிட்டேன். k 2.16 என்று வந்தது. 99% பங்குக்கு k 2.576-ஐ விடக் குறைவாக வந்தாலே எங்கோ தப்பு என்று அன்று தெரிந்துகொண்டேன். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் பயன்படுத்துபவர்கள் `tolerance` என்ற பேக்கேஜில் உள்ள `normtol.int` போடலாம். அதில் `side = 2` என்று கொடுக்க மறந்தால் ஒரு பக்க எல்லைக்கான பதிலைத் தந்துவிடும்.

சரி, அந்தப் புஷ்ஷுக்கு வருவோம். 3.35 மடங்கு போட்டால் 24.966 முதல் 25.054 வரை. மேல் எல்லையை 4 மைக்ரான் தாண்டுகிறது. லாட் போவதற்கு முன்பே இதைப் பார்த்திருக்கலாம். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்ததுதான். அகலம் பிரச்சினை இல்லை, இடம்தான் பிரச்சினை. சராசரியை 25.000-க்குக் கொண்டுவந்தால் 24.956 முதல் 25.044 வரை, இரண்டு பக்கமும் அடங்கிவிடும். அடுத்த லாட்டில் டூல் ஆஃப்செட்டை 0.01 மாற்றியதோடு வேலை முடிந்தது.

பட்டறையில் இதை ஏற்க வைப்பதுதான் பெரும்பாடு. "முப்பது பீஸும் உள்ளதானுங்க இருக்கு, அப்புறம் எதுக்குத் தம்பி நிறுத்தறீங்க?" என்று முதலாளி அண்ணன் கேட்டார். திரும்பி வந்த 14 பீஸை மேசையில் வைத்து, "இதுல ஒண்ணுகூட அந்த முப்பதுல சிக்கலீங்கண்ணா" என்றேன். இன்னொரு தலைவலி பெயர். டாலரன்ஸ் என்றாலே இங்கே டிராயிங்கில் போட்டிருக்கும் 0.05தான். டிராயிங் டாலரன்ஸ் நாம் என்ன செய்ய வேண்டும் என்கிறது, டாலரன்ஸ் இன்டர்வெல் நாம் என்ன செய்திருக்கிறோம் என்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி ஆடிட்டில் அரை மணி நேரம் விளக்கிய பிறகு, ரிப்போர்ட்டில் "99/95 இன்டர்வெல்" என்று மட்டுமே எழுதுகிறேன்.

குறைகளும் உண்டு. மெஷினிலிருந்து வரிசையாக வந்த 30 பீஸை எடுத்தால் டீவியேஷன் ரொம்பக் குறைவாகத் தெரியும். வெட்டும் முனையான இன்செர்ட் தேயத் தேய நீளம் நகர்வது அந்த ஒரு மணி நேரத்தில் சிக்காது. அப்போது வரும் இடைவெளி அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் பொருந்தும், லாட்டுக்கு இல்லை. இப்போது ஷிஃப்ட் முழுக்கப் பரவலாகப் பொறுக்குகிறேன். இரண்டு மெஷின் சரக்கு ஒரே ட்ரேயில் கலந்திருந்தால் முதலில் ஹிஸ்டோகிராம் பார்க்கிறேன். இரண்டு மேடு தெரிந்தால் மேலே சொன்ன கணக்கையே தொடுவதில்லை, ட்ரேயைப் பிரிக்கச் சொல்லிவிடுகிறேன்.

பீஸைச் சுழற்றும்போது அது எவ்வளவு ஆடுகிறது என்ற அளவான ரன்அவுட்டில் இந்தச் சூத்திரம் படுத்துவிடும். ரன்அவுட் பூஜ்யத்துக்குக் கீழே போகாது, பெரும்பாலான பீஸ்கள் கீழே குவிந்து சில மட்டும் மேலே நீண்டிருக்கும். முதல் தடவை போட்டபோது கீழ் எல்லை மைனஸில் வந்தது. மைனஸ் ரன்அவுட் என்று ஒன்று கிடையாது. சூத்திரம் நம்பியிருக்கும், நடுவில் குவிந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரியும் நார்மல் பரவல் இங்கே பொருந்தவில்லை என்று காகிதமே சொல்லிவிட்டது. மேல் எல்லை மட்டும் தப்பில்லாமல் வந்திருக்கும் என்று நம்பவும் முடியாது.

அதற்கு வில்க்ஸ் என்ற புள்ளியியலாளரின் வழியைப் பிடித்தேன். எந்தப் பரவலாக இருந்தாலும் சரி, 59 பீஸ் அளந்து அதில் மிகப் பெரிய மதிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். லாட்டில் குறைந்தது 95% அதற்குள் இருக்கும் என்று 95% நம்பிக்கையோடு சொல்லலாம். 0.95-ஐ 59 தடவை பெருக்கினால் 0.05-க்குக் கீழே போய்விடுகிறது, கணக்கு அவ்வளவுதான். 99% பங்கு வேண்டும் என்றால் 299 பீஸ் அளக்க வேண்டும். டயலும் வி-பிளாக்கும் வைத்து 299 ரன்அவுட் பார்க்க எங்களிடம் ஆள் இல்லை. அதனால் ரன்அவுட்டுக்கு மட்டும் ரிப்போர்ட்டில் 95/95 என்றுதான் போடுகிறேன், வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு.