"தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்": வைப்பதா, எடுப்பதா?

நிலுவைப் பணம் கேட்டு வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தை எடுத்துக்கொள்வோம்.

பழையது: "தங்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்..."
புதியது: "மார்ச் 4 தேதியிட்ட எங்கள் பில் எண் 118-க்குரிய ரூ. 46,500 இன்னும் எங்களுக்கு வந்துசேரவில்லை."

வேகம்
பழையது: ஆறு சொல் தாண்டியும் விஷயம் வரவில்லை.
புதியது: முதல் வரியிலேயே பில்லைத் தேடி எடுத்துவிடலாம்.

இலக்கணம்
பழையது: "என்னவென்றால்" என்று தொடங்கினால் "என்பதாகும்" என்று முடிப்பது வழக்கம். வாக்கியம் நீண்டதும் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கடிதம் அந்தரத்தில் தொங்குகிறது.
புதியது: அந்தத் தொல்லை இல்லை.

மரியாதை
பழையது: பணிவு தானாகவே வந்துவிடுகிறது, சில சமயம் கெஞ்சலாகவும்.
புதியது: இங்குதான் கவனம் தேவை. "நீங்கள் பணம் செலுத்தவில்லை" என்றால் குற்றச்சாட்டு. தொகையை எழுவாயாக்கி "வந்துசேரவில்லை" என்றால் அந்த முள் போய்விடுகிறது. அடுத்த வரியில் "ஏப்ரல் 15-க்குள் அனுப்பிவைக்குமாறு வேண்டுகிறோம்" என்று எழுதினால் போதும். புதுமைக்காக "நலமா?" என்று ஆரம்பிப்பவர்களும் உண்டு, பணம் கேட்கும் கடிதத்தில் அது போலியாகத்தான் ஒலிக்கும்.

"பொருள்", "பார்வை" வரிகளை இரண்டிலும் தொடக்கூடாது. கோப்பில் கடிதத்தைத் தேடுபவருக்கு அவைதான் துணை.

வாடிக்கையாளருக்கும் சரக்கு தருபவருக்கும் புதியதே பொருந்தும். அரசு அலுவலக விண்ணப்பம் என்றால் பழையதே இருக்கட்டும். அங்கே அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. வழக்குக்குப் போகக்கூடிய அறிவிப்பை வழக்கறிஞரிடம் விட்டுவிடுங்கள்.