டேஷ்கேம்: இரவு வீடியோவைப் பற்றி அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதும் குன்னூர் மலைப்பாதையில் கிடைப்பதும்

என் காரில் இருக்கிற அதே மாடல் டேஷ்கேம் இப்போது விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று கோத்தகிரியில் இருக்கும் மச்சான் கேட்டான். போனில் அரைமணி நேரம் பேசியும் முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். 2கே, முன்பக்கம் மட்டும், உள்ளே பேட்டரிக்குப் பதில் கெபாசிட்டர், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு வயிற்றெரிச்சல் ஒரே விஷயத்தில். அட்டைப்பெட்டி மேலே "இரவிலும் பகல் போல" என்று போட்டு, பக்கத்திலேயே ஒரு காரின் நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிகிற படம். அந்தப் படத்தை நன்றாகப் பாருங்கள்: தெருவிளக்குக்குக் கீழே, நிறுத்திவைத்த கார். நின்ற காரை என் பழைய போன்கூட அப்படி எடுக்கும்.

பகலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேட்டுப்பாளையம் போகிற வழியில் வெயிலும் மரநிழலும் மாறிமாறி அடிக்கிற இடத்தில்கூட வெளிச்சத்தைச் சட்டென்று சரிசெய்துகொள்கிறது.

இரவுக்கு வருவோம். போன மழைக்காலத்தில் பர்லியாறு தாண்டி ஏறிக்கொண்டிருந்தோம். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, ஆனால் எதிரே இறங்கி வந்த வேன் கொண்டை ஊசி வளைவில் கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து, வலதுபக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. வீட்டுக்கு வந்து கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தேன். வேன் தூரத்தில் நேரே வரும்போது ஹெட்லைட் வெளிச்சம் பூத்து, பிளேட் இருக்கும் இடமே தெரியவில்லை. கிட்டே வந்து வெளிச்சம் விலகியதும் பிளேட் தெரிகிறது, ஆனால் அதற்குள் வேன் பக்கவாட்டில் ஓடுகிறது, எழுத்தெல்லாம் கோடாக இழுபட்டுவிட்டது. எதிரே வரும் வண்டியின் பிளேட் இரவில் படிக்கக் கிடைக்காமல் போவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். நம் பெரிய நம்பர் பிளேட் அரை மீட்டர் அகலம், அதில் பத்து எழுத்துகள். சுமார் 120 டிகிரி அகலத்தை 2560 புள்ளிகளில் அடக்குகிற லென்ஸில், 10 மீட்டர் தள்ளி நிற்கும் பிளேட்டுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 60 புள்ளிகள். ஓர் எழுத்துக்கு ஆறு புள்ளி, பகலிலேயே அது திணறல்தான். 4 மீட்டருக்கு வந்தால் எழுத்துக்குப் பதினைந்து, அப்போது படிக்கலாம். இருட்டில் கேமரா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 1/30 நொடி வரை கண் திறந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. கொண்டை ஊசியில் நம் காரே நொடிக்கு 25 டிகிரி அளவுக்குத் திரும்பினால், அந்த 1/30 நொடியில் மொத்தப் படமும் 18 புள்ளி நகர்ந்துவிடும். 10 மீட்டரில் அது மூன்று எழுத்து அகலம். எழுத்து எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்தால் யார் படிப்பது? எந்தக் கம்பெனி கேமராவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, இது தெரிந்தே அட்டையில் அப்படி எழுதுகிறார்கள் என்பதுதான் எனக்குக் கோபம்.

அப்படியானால் 4கே வாங்கலாமே என்று மச்சான் கேட்டான். சென்சார் அளவு அதேதான் என்றால் இரவில் அது மோசமாகத்தான் போகும். 1/2.8 அங்குல சென்சார்களில் 5 மெகாபிக்சல் கொண்ட IMX335-இல் ஒரு புள்ளி 2 மைக்ரான், 8 மெகாபிக்சல் கொண்ட IMX415-இல் 1.45 மைக்ரான். பரப்பளவில் கிட்டத்தட்டப் பாதி, வெளிச்சமும் பாதி. 4கே என்றால் 1/1.8 அங்குல IMX678 மாதிரி பெரிய சென்சாரா என்று பார்த்து வாங்க வேண்டும், விலையும் அதற்கேற்ப ஏறும்.

இருப்பதை வைத்துக் கொஞ்சம் தேற்றலாம். இரவில் எக்ஸ்போஷரை -0.7க்கு இறக்கினேன். படம் இருட்டாகிறது, ஆனால் நம் ஹெட்லைட் பட்டு வெள்ளைத் தகடாகத் தெரிந்த முன்வண்டி பிளேட், எழுத்தோடு தெரிய ஆரம்பித்தது. கண்ணாடியின் பிரதிபலிப்பைக் குறைக்கிற சிபிஎல் ஃபில்டர் பகலுக்கு நல்லது, இரவில் வெளிச்சத்தை விழுங்கும், கழற்றிவிடுங்கள். முன்கண்ணாடியின் உள்பக்கம் படிந்திருக்கும் எண்ணெய்ப் படலத்தைத் துடையுங்கள், ஹெட்லைட் பூப்பதில் பாதி அதனால்தான். பனிமூட்டம் இறங்கிவிட்டால் மட்டும் எந்த செட்டிங்கும் உதவாது.

சரி, வேன் கதை. அதன் நம்பர் கிடைத்தது, படத்திலிருந்து அல்ல. இடித்துவிட்டுப் போன வேனைத் திரும்பிப் பார்த்த என் மனைவி பின்பக்க நம்பரைச் சத்தமாக வாசித்தாள், டேஷ்கேமின் மைக் அதைத் தெளிவாகப் பதிந்துவைத்திருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் அந்த ஆடியோவையும், வேன் கோட்டைத் தாண்டி வந்த படத்தையும் சேர்த்துக் காட்டினோம், வேன்காரர் கண்ணாடிக்குப் பணம் கொடுத்தார். யார் எந்தப் பக்கம் வந்தார்கள் என்பதை இந்தக் கேமரா இரவிலும் சரியாகச் சொல்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். மைக்கை அணைத்து வைத்திருப்பவர்கள் உடனே போடுங்கள். இரவில் இடித்தால், உரசினால், நம்பரை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மெமரி கார்டு பற்றிச் சுருக்கமாக. மணிக்கு 9 ஜிபி போல எழுதுகிறது, 64 ஜிபி கார்டில் ஏழு மணி நேரம் நிற்கும், அப்புறம் பழையதை அழித்து எழுதும். ஓயாமல் எழுதி அழிப்பதால் சாதாரண கார்டு சீக்கிரம் தேயும், 'ஹை எண்டூரன்ஸ்' என்று போட்டதையே வாங்குங்கள். தேய்வதைக் கண்டுபிடிக்க ஃபைல் பட்டியலில் நேரத்தைப் பாருங்கள், மூன்று நிமிட ஃபைல்கள் வரிசையாக இருக்க வேண்டிய இடத்தில் நடுவே ஓட்டை விழுந்தால் கார்டு போகிறது என்று அர்த்தம். இன்னொன்று, அதிர்வு சென்சாரை 'லோ'வில் வையுங்கள். நம்மூர் ரோட்டுக் குழியை எல்லாம் விபத்து என்று நினைத்து ஃபைலைப் பூட்டிவைக்கும், பூட்டிய ஃபைல் அழியாது, கார்டு நிரம்பிவிடும்.

பவருக்கு ஹார்ட்வயர் கிட் போட்டேன், ஃபியூஸ் பாக்ஸிலிருந்து மஞ்சள் நிரந்தர லைனுக்கு, சிவப்பு சாவி போட்டால் வரும் லைனுக்கு, கறுப்பு பாடிக்கு. நிறுத்திய காரிலும் பதிவு வேண்டுமென்றால், பேட்டரி எவ்வளவு இறங்கினால் கேமராவை அணைக்க வேண்டும் என்கிற கட்-ஆஃப் வோல்டேஜைப் பாருங்கள். கிட்டில் 12.0 என்று வைத்து அனுப்புகிறார்கள், ஓய்வில் அந்த வோல்டேஜ் வந்தால் பேட்டரியில் கால்வாசி சார்ஜ்தான் மிச்சம். கோவையில் அதை வைத்து ஸ்டார்ட் ஆகலாம், ஜனவரியில் உறைபனி விழுகிற ஊட்டி விடியற்காலையில் ஆகாது. 12.4க்கு மாற்றிவிடுங்கள்.

மச்சானுக்கு என் பதில்: வாங்காதே. இவ்வளவு உபயோகமான பொருளைச் செய்துவிட்டு, செய்யாத வேலையைச் செய்வதாக அட்டையில் எழுதுகிறவனுக்கு நான் ஆள் பிடித்துக் கொடுக்க மாட்டேன். வேறு மாடல் பார்த்தால், கடைக்காரரிடம் இரவில் ஓடும்போது எடுத்த ஒரிஜினல் ஃபைலைக் கேள், வாட்ஸ்அப்பில் வந்தது வேண்டாம், அது நசுங்கியிருக்கும். எதிரே வண்டி கடந்துபோகிற இடத்தில் நிறுத்தி, பிளேட்டைப் பார். அதுவரை என் காரிலிருந்து இதை நான் கழற்றப்போவதில்லை.