பிளான்ட் ஹெட் எடுக்கணும்: பழைய கதையைக் கேக்குறதா, கேஸ் கொடுத்துப் பாக்குறதா?

ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனிக்கு பிளான்ட் ஹெட் எடுக்குறப்ப இன்டர்வியூவ எப்படி நடத்துறதுன்னு ரெண்டு கட்சி இருக்கு. ஒரு கட்சி இதுவரைக்கும் என்ன செஞ்சீங்கன்னு குடைஞ்சு கேட்டா போதும்ங்குது, இன்னொண்ணு எங்க பிரச்சனைய ஒரு கேஸா எழுதிக் கையில கொடுத்து யோசிக்க விடுவோம்ங்குது. மூணாவதா "முதல் 90 நாள் பிளான்" பிரசன்டேஷன் ஒண்ணு இருக்கு, அத நான் கணக்குலயே சேத்துக்கிறதில்ல, ஒரு வாரம் டைம் கொடுத்தா எவர் வேணா அழகா பண்ணிட்டு வந்துருவாரு, அவர்தான் பண்ணாரான்னு கூட நமக்குத் தெரியாது.

கேஸ் எப்படி இருக்கணும்னா, ரெண்டு பக்கம், அங்கேயே படிக்க இருபது நிமிஷம். உதாரணமா நம்ம சேல்ஸ் 120 கோடி, அதுல ஒரே கஸ்டமர் 66 கோடி, அவங்க 4 சதவீதம் விலை குறைக்கச் சொல்றாங்க, இல்லனா வேற சப்ளையரப் பாத்துக்குறோம்ங்குறாங்க. பிரஸ் ஷாப் ரிஜெக்‌ஷன் மாசாமாசம் எவ்ளோன்னு ஒரு டேபிள். கடைசி வரியில சும்மா போற போக்குல, மூணு ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஜூன்ல ரிசைன் பண்ணிட்டாங்கன்னு இருக்கும். நல்ல ஆளு பதில் சொல்றதுக்கு முன்னாடியே டேபிளத் திரும்பப் பாப்பாரு, ரிஜெக்‌ஷன் ஜூலையிலருந்துதானே ஏறுது, அவங்க ஏன் போனாங்கன்னு கேப்பாரு. மத்தவங்க நேரா விலைப் பேச்சுக்குப் போயிருவாங்க.

அப்புறம் பாதியில இன்னொரு பேப்பர் நீட்டணும், ஜட்ஜ்மென்ட் தெரியுறது இங்கதான். அந்தக் கஸ்டமர்கிட்ட வருஷ லாபம் 5 கோடின்னு முதல் பேப்பர்ல இருந்துச்சு, ஆனா ரீவொர்க்கும் அவசர ஃப்ரெயிட்டும் 1.9 கோடி அதுல கழிக்கவே இல்லன்னு இதுல இருக்கும். அப்ப நிஜ லாபம் 3.1 கோடி, கேட்ட விலைய அப்படியே குறைச்சா 2.64 கோடி போயிரும், மிஞ்சுறது 46 லட்சம். இதப் பாத்துட்டும் முதல்ல சொன்னதையே பிடிச்சுத் தொங்குறவரு ஒரு ரகம், "அப்ப இந்தக் கஸ்டமரே வேணாம்"னு ஒரேயடியா தாவுறவரு இன்னொரு ரகம். இப்ப ரெண்டு சதவீதம், மீதி ரெண்டு கூடுதல் வால்யூம் வந்தா மட்டும், அதுக்குள்ள ரிஜெக்‌ஷனக் குறைக்க எனக்கு ஆறு மாசம் வேணும்னு தன் பதில எது மாத்துச்சு எது மாத்தலன்னு பிரிச்சுச் சொல்றவரத்தான் நான் தேடுவேன்.

கேஸோட குறை என்னன்னா கன்சல்டிங்ல இருந்து வந்தவங்க இதுல பின்னிருவாங்க, ஷாப் ஃப்ளோர்ல நூறு பேர வச்சு நடத்துனதே இருக்காது. டீம் கட்டுவாரான்னு கேஸ் சொல்லவே சொல்லாது. இன்னொண்ணு, இன்னைக்கு நடக்குற பிரச்சனையக் கொடுக்காதீங்க, ஓசில ஐடியா புடுங்குறாங்கன்னு நினைப்பாங்க, நியாயம்தான். முடிஞ்சு போன பழைய விவகாரத்தக் கொடுங்க.

டீம் விஷயத்துக்கு பழசக் கேக்குறதுதான் வழி, ஆனா "உங்க லீடர்ஷிப் ஸ்டைல் என்ன"ன்னு இல்ல. கடைசி வேலையில உங்களுக்கு நேரா ரிப்போர்ட் பண்ணவங்க யார் யாரு, அதுல நீங்க எடுத்தவங்க யாரு, இப்ப அவங்க எங்க இருக்காங்க, யார அனுப்புனீங்க, சரிப்பட மாட்டாருன்னு எப்ப தெரிஞ்சுது, எப்ப செஞ்சீங்க. கடைசி ரெண்டுக்கும் நடுவுல ஒரு வருஷம் ஓடியிருந்தா அங்க நின்னு கேளுங்க. தன்கிட்ட இருந்தவங்க ஒருத்தர் கூட பெரிய வேலைக்குப் போகலன்னா அதுவும் ஒரு பதில்தான். இதோட குறை, நல்லா கதை சொல்றவரு ஜெயிச்சிருவாரு, மார்க்கெட் ஏறுன வருஷத்துல வந்த நம்பர தன் சாதனையா சொல்வாரு. அதனால பழைய சபார்டினேட் ஒருத்தர்கிட்ட பேச அவரையே ஏற்பாடு பண்ணச் சொல்லணும், "மறுபடி அவருக்குக் கீழ வேலை செய்வீங்களா"ன்னு கேட்டுட்டு, பதிலுக்கு முன்னாடி எவ்ளோ தயங்குறாருன்னு கவனிக்கணும். இப்ப இருக்குற கம்பெனிக்கு மட்டும் ஆஃபர் கையெழுத்தாகுற வரைக்கும் போன் போடாதீங்க, அவர் வேலையே போயிரும்.

ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னா, செலக்‌ஷன்ல வாங்குற மார்க்கும் பின்னாடி வேலையில காட்டுற திறமையும் எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு, முழுசா ஒத்துப்போனா 1ன்னு வச்சு, 1998-ல ஷ்மிட், ஹண்டர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க போட்ட கணக்குல, அந்த வேலையில ஒரு பகுதியச் செய்யச் சொல்லிப் பாக்குற டெஸ்ட் 0.54, எல்லாருக்கும் ஒரே கேள்வி ஒரே மார்க் முறைன்னு நடத்துற இன்டர்வியூ 0.51. 2022-ல சாக்கெட் குழு திருப்பிப் போட்டப்ப அந்த இன்டர்வியூ 0.42, டெஸ்ட் 0.33. பிளான்ட் ஹெட்டுக்குன்னே எடுத்த கணக்கு இல்ல இது, ஆனா மார்க் முறைய முன்னாடியே எழுதி வைக்காம நடத்துனா இந்த நம்பர் எதுவும் நமக்குப் பொருந்தாது. பேனல்ல ஆளாளுக்குத் தனியா மார்க் போட்டுட்டு அப்புறம்தான் பேசணும், எம்டி முதல்ல வாயத் திறந்தா மத்தவங்க மார்க் அங்கயே சாஞ்சிரும்.

ரெண்டும் முட்டிக்கிட்டா? கேஸ்ல சுமார், ஆனா அவர் வளத்த மூணு பேர் இன்னைக்கு பிளான்ட் நடத்துறாங்கன்னா நான் அவரத்தான் எடுப்பேன், கஸ்டமர் பேச்சுக்கு பக்கத்துல ஒரு நல்ல காமர்ஷியல் ஆள வச்சுக்கலாம். கேஸ்ல அசத்திட்டு பழைய டீம்ல ஒருத்தர் பேரக் கூட போன் பண்ணக் கொடுக்க யோசிக்கிறவர எடுக்க மாட்டேன்.