டயட்டில் வரும் குளிரும் எரிச்சலும்: தொடர்வதா, ஒரு நாள் நன்றாகச் சாப்பிடுவதா, இரண்டு வாரம் நிறுத்துவதா?

தலவாக்கலையில் ஜனவரி இரவு யாருக்கும் குளிரத்தான் செய்யும். ஆனால் அடுப்படியில் எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்க, அக்கா மட்டும் இரண்டு போர்த்திக்கொண்டு பிளேன்டீ கோப்பையை இரு கையாலும் பிடித்திருந்தாள். டீ குடித்து அரைமணி நேரமான பிறகும் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. "ஏன் தங்கச்சி, உங்களுக்கெல்லாம் குளிரலையா?" என்று கேட்டாள். மலைக்குளிர் எது, டயட் குளிர் எது என்று பிரித்தறிய அந்த ஒரு கேள்வி போதும்.

அவளுக்கு வயது 36. ஆறு மாதத்தில் 74 கிலோவிலிருந்து 66 கிலோவுக்கு வந்திருந்தாள், தினமும் ஏறக்குறைய 1300 கலோரி. கடைசி இரண்டு வாரமாகப் பிள்ளைகள் மேல் சிடுசிடுப்பு, எதிலும் மனசு ஒட்டவில்லை.

இது ஓரளவு எதிர்பார்க்க வேண்டியதுதான். சாப்பாடு குறைந்து பல வாரமானால் உடம்பு செலவைச் சுருக்குகிறது. கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது, தைராய்டின் செயல்திறனுள்ள ஹார்மோனும் இறங்குகிறது, சூடு உண்டாக்குவது தணிகிறது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்த ஆய்வில் 36 ஆரோக்கியமான ஆண்கள் 24 வாரம் அரைவயிறாக இருந்தார்கள். கோடையிலும் அவர்களுக்குக் குளிர்ந்தது, எரிச்சலும் சோர்வும் வந்தன. அதனால் அக்காவின் கோபத்தைக் குணக்கேடு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் முன்னால் மூன்று வழி இருந்தது.

பல்லைக் கடித்துத் தொடர்வது முதலாவது. டயட் தொடங்கி நான்கைந்து வாரம்தான் ஆகியிருந்தால், குளிர் லேசாக இருந்தால், இதுவே சரி. ஆறு மாதமாகிவிட்ட பிறகு சரியில்லை. சோர்வில் தன்னையறியாமல் நடமாட்டம் குறையும், எடை இறங்குவதும் மந்தமாகும். அப்புறம் ஒரு ராத்திரி ரொட்டிச் சட்டியோடு உட்கார்ந்துவிடுவோம்.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நன்றாகச் சாப்பிடுவது. அன்றைக்குக் கை சூடாகும், மனசும் லேசாகும். ஆனால் லெப்டின் ஏறினாலும் மறுபடி குறைத்ததும் சீக்கிரமே இறங்கிவிடுகிறது. புதன்கிழமை வரும்போது பழையபடி ஸ்வெட்டர்தான். கல்யாண வீட்டுக்குப் போக இது உதவும், மாதக்கணக்கான களைப்புக்குப் போதாது.

மூன்றாவது, இரண்டு வாரம் எடை ஏறாமலும் இறங்காமலும் இருக்கும் அளவுக்குச் சாப்பிடுவது. அக்காவுக்கு நான் சொன்னது இதைத்தான். 2017இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், பருமனான ஆண்கள் இரண்டு வாரம் டயட், இரண்டு வாரம் ஓய்வு என்று மாறிமாறி இருந்தபோது, விடாமல் டயட் இருந்தவர்களைவிடக் கொழுப்பு அதிகம் குறைந்தது. உடற்பயிற்சியில் தேறியவர்களிடம் பின்னர் செய்த ஆய்வில் அந்தக் கூடுதல் பலன் இல்லை. ஆகவே வேகமாக மெலியலாம் என்று இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். தெம்பு திரும்புவதற்காகத்தான் சொல்கிறேன்.

எவ்வளவு கூட்டுவது? கடைசி நான்கு வாரத்தில் அவள் ஒரு கிலோ இறங்கியிருந்தாள். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7700 கலோரி, அதை 28 நாளால் வகுத்தால் தினம் 275. அப்போது சாப்பிட்டதோடு அதைச் சேர்த்தால் போதும். அவள் எழுதிவைத்த 1300 என்ற கணக்கு பிசகியிருந்தாலும் இதில் கெடுதல் இல்லை, ஏனென்றால் தராசைப் பார்த்துத்தான் கூட்டுகிறோம். மத்தியானம் ஒரு கப் சோறு கூடுதலாக, பின்னேரம் ஒரு வாழைப்பழம். ஏறக்குறைய 300 கலோரி ஆகிவிடும்.

நான்காம் நாள் தராசு 67 காட்டியது. பதறிப்போனாள். அது கொழுப்பல்ல. தசையிலும் ஈரலிலும் மாச்சத்து சேரும்போது ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவு தண்ணீரைப் பிடித்துவைக்கும், குடலிலும் சாப்பாடு கூடுதலாக இருக்கும். அதன் பிறகு அங்கேயே நின்றது. ஏறிக்கொண்டே போயிருந்தால் சோற்றை அரைக் கப் ஆக்கியிருப்போம். இரண்டாம் வாரம் பிள்ளைகளோடு பாடம் பார்க்க உட்கார்ந்தாள்.

இரண்டு வாரம் சாப்பிட்டும் குளிர் போகாவிட்டால் டயட்டைக் குற்றம் சொல்லாமல் இரத்தம் பார்க்க வேண்டும். இரத்தச்சோகையும் தைராய்டுக் குறைபாடும் இதே மாதிரிதான் காட்டும். சாப்பாட்டோடு தேநீர் குடிக்கும் நம் பழக்கம் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கிறது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. மாதவிடாய் நின்றுவிட்டாலோ, மயக்கம் வந்தாலோ, உயரத்துக்கு ஏற்ற எடையைவிடக் கீழே போய்விட்டாலோ டயட்டை அன்றே முடித்துவிட்டு வைத்தியரைப் பாருங்கள். நீரிழிவு மருந்து எடுப்பவருக்குத் திடீரென்று நடுக்கமும் குளிர்வியர்வையும் வந்தால் அது சர்க்கரை இறங்கியது, உடனே சீனி கொடுக்க வேண்டும். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் 1926க்கு அழையுங்கள், அது இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

அக்கா மூன்றாம் வாரம் மறுபடி குறைத்தாள். ஆனால் 1300க்குப் போகவில்லை, வாழைப்பழத்தை விடாமல் 1400இல் நின்றுகொண்டாள்.