இரும்பு மாத்திரைக்கு எந்தச் சட்டகம்? ஒரு குன்னூர் புரொபோசலை வைத்து மூன்று மாதிரிகளின் ஒப்பீடு

என்னிடம் தீசிஸ் செய்யும் எம்.எஸ்சி நர்சிங் மாணவி ஒருத்தி புரொபோசலின் முதல் வரைவைக் கொண்டுவந்தாள். தலைப்பு இதுதான்: குன்னூர் சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் கர்ப்பிணிப் பெண்களிடம் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை பற்றிய திட்டமிட்ட கற்பித்தலின் பயன். ஆய்வு எந்தக் கோட்பாட்டின் மேல் நிற்கிறது என்று காட்டும் சட்டகமாக வீடன்பாக் படம் வரைந்திருந்தாள். ஏன் வீடன்பாக் என்று கேட்டேன். "போன வருஷ சீனியர் தீசிஸ்ல இதுதான் மேம் இருந்துச்சு. ப்ரீ டெஸ்ட், டீச்சிங், போஸ்ட் டெஸ்ட் எல்லாம் அதுல அப்படியே உட்காருது" என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். சிக்கலும் அங்கேதான் இருந்தது.

ஏர்னஸ்டின் வீடன்பாக் 1964இல் எழுதியது செவிலியர் உதவி செய்யும் விதத்தைப் பற்றிய கோட்பாடு. நோயாளியின் தேவையைக் கண்டறிவது, அதற்கேற்ற உதவியைச் செய்வது, தேவை தீர்ந்ததா என்று சரிபார்ப்பது என மூன்று படிகள். முன் சோதனை, கற்பித்தல், பின் சோதனை என்ற நம் வழக்கமான வரிசை இதற்குள் பொருந்திவிடும். இரும்பு மாத்திரைக்குப் பதில் தாய்ப்பாலையோ சர்க்கரை நோயையோ எழுதினாலும் இதே படம் பொருந்தும். அப்படி எதற்கும் பொருந்துகிற படம், உங்கள் ஆய்வில் எதை அளக்க வேண்டும் என்று சொல்லித் தராது. இன்னொன்றும் உண்டு. வீடன்பாக்கின் முதல் படி அந்த ஒரு பெண்ணின் தேவையை அவளிடமிருந்தே அறிவது. அறுபது பேரை உட்கார வைத்து ஒரே சார்ட்டைக் காட்டி நாற்பது நிமிடம் பேசினால் அந்தப் படி நடக்கவே இல்லை. படத்தில் மட்டும் நடந்ததாக இருக்கும். ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி, அவரவர் தடைக்கு ஏற்ற உதவியைச் செய்து பார்க்கும் ஆய்வென்றால் வீடன்பாக்கை நானே எடுக்கச் சொல்வேன்.

அதனால் படத்தை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, முதலில் பன்னிரண்டு பேரிடம் பேசிவிட்டு வா என்று அனுப்பினேன். அறிவைச் சோதிக்கிற கேள்வித்தாள் எதுவும் வேண்டாம், மாத்திரையை ஏன் விழுங்கவில்லை என்று மட்டும் கேள் என்றேன். சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் வரும் நாளிலும், மாலையில் லைன் வீடுகளிலும் போய்க் கேட்டு வந்தாள். நாலாவது மாதத்திலிருந்து தினம் ஒன்று என்று 180 மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. ரத்தம் குறைந்தால் ஆபத்து என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட "எனக்கு ரத்தசோகை வராது" என்று சொல்லவில்லை. ஒருவர் சொன்னதை அவள் அப்படியே எழுதி வந்திருந்தாள்: "காலையில போட்டா வாய்க்குள்ள இரும்பு ருசி நிக்குது, கொழுந்து பறிக்கிற இடத்துல குமட்டுது. வாந்தி எடுத்தா மேஸ்திரி முன்னாடி அசிங்கமா இருக்கு அக்கா." இன்னொருவருக்கு மலம் கறுப்பாகப் போனதில் பயம். மூன்று பேர், பிள்ளை பெரிதாகி ஆபரேஷன் ஆகிவிடும் என்று மாமியார் தடுத்ததாகச் சொன்னார்கள்.

இனி அடுத்த இரண்டு சட்டகங்களை இந்தப் பதில்களின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சுகாதார நம்பிக்கை மாதிரி 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் உளவியலாளர்களிடம் பிறந்தது. காசநோய்க்கு இலவசமாக எக்ஸ்ரே எடுத்தும் மக்கள் ஏன் வரவில்லை என்பதுதான் அவர்கள் முன் நின்ற கேள்வி. இலவச மாத்திரை வீட்டில் இருந்தும் விழுங்கப்படாமல் கிடப்பதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான் என்பதால் இந்த மாதிரி நமக்கு நெருங்கியதாகத் தெரியும். நோய் தனக்கு வரக்கூடும் என்ற எண்ணம், வந்தால் எவ்வளவு மோசம் என்ற எண்ணம், செய்வதில் உள்ள பயன், தடை, செயலுக்குத் தூண்டும் குறிப்பு என்று அதன் கட்டங்கள் போகும். என்னால் முடியும் என்ற நம்பிக்கை 1988இல் சேர்ந்தது. இந்த மாதிரியின் முதல் இரண்டு கட்டங்களும் அச்சுறுத்தலைப் பற்றியவை.

நோலா பெண்டரின் நலமேம்பாட்டு மாதிரி 1982இல் வந்து 1996இல் திருத்தப்பட்டது. பயனும் தடையும் தன்னம்பிக்கையும் இதிலும் உண்டு. நோய் பற்றிய பயத்தை நடத்தைக்கான உந்துதலாக பெண்டர் தெரிந்தே சேர்க்கவில்லை. அதற்குப் பதிலாக மூன்று விஷயங்கள் இருக்கின்றன. அந்தச் செயலைச் செய்யும்போது வரும் உணர்வு, சுற்றி இருக்கும் மனிதர்களின் செல்வாக்கு, சூழலின் செல்வாக்கு. வாயில் நிற்கும் இரும்பு ருசியும் குமட்டலும் முதலாவதில் போய் விழும். மாமியார் இரண்டாவதில். காட்டில் குடிநீரும் ஒதுங்க மறைவிடமும் இல்லாதது, மேஸ்திரி பார்த்துக்கொண்டிருப்பது மூன்றாவதில்.

நம்பிக்கை மாதிரியை எடுத்தால் இவை எல்லாவற்றையும் "தடை" என்ற ஒரே கட்டத்தில் திணிக்க வேண்டும். மதிப்பெண் கூட்டும்போது குமட்டலும் மாமியாரும் ஒரே எண்ணாகிவிடுவார்கள். எது அதிகமாகத் தடுக்கிறது என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. அதோடு அச்சுறுத்தல் கேள்விகளுக்கு எல்லோரும் ஒரே மாதிரி "ஆமாம், ஆபத்துதான்" என்று சொல்லிவிட்டால் அந்த மாறியில் ஏற்ற இறக்கமே இருக்காது. ஏற்ற இறக்கம் இல்லாத மாறி எதோடும் தொடர்பு காட்டாது. அந்தப் பன்னிரண்டு பேரின் பதிலே இதை முன்கூட்டிச் சொல்லிவிட்டது. ஆகவே இந்த ஆய்வுக்கு பெண்டர் என்று முடிவு செய்தோம். இதே பெண்கள் "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருந்தால் நான் நம்பிக்கை மாதிரியைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன்.

சட்டகம் மாறியதும் தலைப்பும் மாற வேண்டி வந்தது. அவள் முதலில் நினைத்திருந்தது கட்டுப்பாட்டுக் குழு இல்லாமல் ஒரே குழுவை முன்னும் பின்னும் அளக்கும் வடிவம். கர்ப்பிணிகளிடம் இதில் ஒரு பொறி இருக்கிறது. நாலாவது மாதம் தாண்டினால் பெரும்பாலானோருக்குக் குமட்டல் தானாகவே குறையும், மாத்திரை விழுங்குவதும் கூடும். கற்பித்தல் எதுவும் செய்யாவிட்டாலும் பின் சோதனை நன்றாக வந்துவிடும். கட்டுப்பாட்டுக் குழு வைக்க அவளுக்கு நேரமில்லை. அதனால் கற்பித்தலை விட்டுவிட்டு, எது எதோடு சேர்ந்து போகிறது என்று பார்க்கும் தொடர்பு ஆய்வாக மாற்றினோம்.

அடுத்து சார்ந்த மாறி. அவள் ஹீமோகுளோபினை எழுதியிருந்தாள், ஆய்வகத்தில் வரும் எண் உறுதியானது என்று. மலையில் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. உயரம் கூடக் கூட உடல் ஹீமோகுளோபினை அதிகமாக்கும் என்பதால், உயரத்துக்கேற்ப ஒரு அளவைக் கழித்துவிட்டே ரத்தசோகையை முடிவு செய்ய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2011 அட்டவணையில் 1500 மீட்டருக்கு 0.5 கிராம், 2000 மீட்டருக்கு 0.8 கிராம். குன்னூர் சுமார் 1850 மீட்டரில் இருக்கிறது. அங்கே 11.4 வந்த கர்ப்பிணிக்கு, 11 என்ற எல்லையை வைத்து "இயல்பு" என்று எழுதிவிடுவோம். உயரத்தைக் கழித்தால் அவர் 10.7 பக்கம் வந்துவிடுவார். 2024இல் இந்த அளவுகளைத் திருத்தியும் இருக்கிறார்கள், ஆகவே எந்த ஆண்டு அட்டவணை என்று செயல்முறை வரையறையிலேயே எழுத வேண்டும்.

இன்னும் இருக்கிறது. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதால், மாத்திரையை ஒழுங்காக விழுங்கினாலும் எண் சற்றுக் குறையலாம். உணவோடு குடிக்கும் தேநீர் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், தோட்டத்தில் அது எத்தனை கிளாஸ் என்று சொல்லத் தேவையில்லை. ஹீமோகுளோபினைச் சார்ந்த மாறியாக வைத்தால் இவை எல்லாம் குறுக்கே வரும் புற மாறிகள். பெண்டரின் படத்தில் கடைசிக் கட்டம் நடத்தைதான், ரத்த அளவு அங்கே இல்லை. எனவே மாத்திரை விழுங்கும் நடத்தையையே சார்ந்த மாறியாக்கினோம்.

அதன் வரையறை இப்படி வந்தது: 30 மாத்திரை கொடுத்து, 30ஆம் நாள் வீட்டுக்குப் போய் மீதியை எண்ண வேண்டும். 9 மிச்சம் என்றால் விழுங்கியது 21, அதாவது 70 சதவீதம். தூக்கிப் போட்டிருந்தால் இது பொய்யாகிவிடும். அதனால் இடையில் ஒரு நாள் சொல்லாமல் போய் ஒருமுறை எண்ணுவது என்றும் சேர்த்தோம். எண்பதுக்கு மேல் நல்லது, கீழே மோசம் என்று இரண்டாக வெட்ட வேண்டாம் என்றேன். 79ஐயும் 20ஐயும் ஒரே கூடையில் போட்டால் தகவல் வீணாகிவிடும்.

சரி, கருதுகோள்கள். பழைய வரைவில் இருந்தவற்றையும் புதியவற்றையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் புரியும். பழையதில் ஒன்று: "முன் சோதனை, பின் சோதனை அறிவு மதிப்பெண்களுக்கிடையே p<0.05 அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கும்." தலைப்பில் மாத்திரைப் பழக்கம், கருதுகோளில் அறிவு. p மதிப்பின் இடமும் இது இல்லை, அது பகுப்பாய்வுத் திட்டத்தில் வர வேண்டியது. புதியவை இப்படி அமைந்தன:

H1: தேயிலைத் தோட்டக் கர்ப்பிணிகளிடம், மாத்திரை விழுங்கும்போது வரும் விரும்பத்தகாத உணர்வின் மதிப்பெண் கூடக் கூட, 30 நாளில் விழுங்கிய மாத்திரைகளின் சதவீதம் குறையும்.

H2: தேயிலைத் தோட்டக் கர்ப்பிணிகளிடம், குடும்பத்தாரின் ஆதரவு மதிப்பெண் கூடக் கூட, அந்தச் சதவீதம் கூடும்.

ஒவ்வொன்றிலும் யார், எது, எந்தப் பக்கம் என்பது இருக்கிறது. படத்தில் ஒரு அம்புக்குறிக்கு ஒரு கருதுகோள். திசை சொல்ல நமக்கு அடிப்படை இருப்பதால் திசையோடு எழுதினோம். புள்ளியியல் சோதனைக்கு "தொடர்பு இல்லை" என்ற H0 வடிவம் தனியாக இருக்கும். சூழலுக்கு நம்பகமான கருவி கிடைக்காததால் அதற்குக் கருதுகோள் எழுதவில்லை.

பழைய வரைவின் கடைசியில் வழக்கமான அந்த வரியும் இருந்தது: "தேர்ந்தெடுத்த சமூகப் பின்னணி மாறிகளுடன் குறிப்பிடத்தக்க தொடர்பு இருக்கும்." வயது, மதம், படிப்பு, வருமானம் என்று பத்து மாறி, பத்து கை-ஸ்கொயர். உண்மையில் ஒன்றிலுமே தொடர்பு இல்லை, பத்தும் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டாலும், 0.05 அளவில் ஏதாவது ஒன்று தற்செயலாகத் தொடர்பு காட்ட 40 சதவீத வாய்ப்பு இருக்கிறது. வந்த அந்த ஒன்றுக்கு அப்புறம் விவாதப் பகுதியில் இரண்டு பக்கம் காரணம் எழுதுவோம். அந்த வரியை எடுத்துவிட்டு, எத்தனையாவது கர்ப்பம் என்பதை மட்டும் பெண்டரின் "முந்தைய அனுபவம்" கட்டத்தில் வைத்துக்கொண்டோம். முதல் பிரசவத்தில் மாத்திரையால் பட்டதை நினைவில் வைத்திருக்கும் பெண் இரண்டாவதில் வேறு மாதிரி நடப்பார் என்று நம்ப அந்தப் பதில்களிலேயே காரணம் இருந்தது.

இறுதிப் படத்தில் நான்கு கட்டங்கள் அழுத்தமான கோட்டில் இருக்கின்றன: முந்தைய அனுபவம், விழுங்கும்போது வரும் உணர்வு, குடும்பத்தின் செல்வாக்கு, நடத்தை. மற்றவை புள்ளிக்கோட்டில், "இந்த ஆய்வில் அளக்கப்படவில்லை" என்ற குறிப்போடு. சூழல் கட்டமும் அங்கேதான். அதைப் புள்ளிக்கோட்டில் போட அவளுக்கு மனசே இல்லை. கொழுந்துக் காட்டில் தண்ணீர் கிடைக்காததுதான் பெரிய காரணமாக இருக்குமோ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இருக்கலாம் என்றுதான் நானும் சொன்னேன். அதனால் ஆய்வின் வரம்புகள் என்ற பகுதியில் முதல் வரியாகவே அதை எழுதி வைத்திருக்கிறாள்.