கணுக்காலில் ஒரு காய்ப்பு

இந்த முறை ஊருக்குப் போனபோது டொராண்டோவிலிருந்து கூடவே வந்தது என் இடது கணுக்கால் அரிப்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், குளிரில் வறண்ட தோலில் கம்பளி சாக்ஸ் உரசிய இடத்தில் ஆரம்பித்தது. இப்போது பாதி உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துத் தடித்து, தோலின் கோடுகள் பழைய செருப்பில் விழுந்த மடிப்பு மாதிரி ஆழமாகத் தெரிகின்றன.

தஞ்சாவூர் வந்த மறுநாள் தெருமுனை மெடிக்கலில் காட்டினேன். கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்தே எட்டிப் பார்த்து, "படர்தாமரைதான் சார்" என்று ஒரு டியூப் கொடுத்தார். சீட்டு கேட்கவில்லை. நாலு நாள் சுகம். நிறுத்தியதும் பழைய குருடி கதவைத் திறடிதான்.

அக்கா தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். "டேய், இப்பவும் தேய்க்கிற பாரு" என்றாள். குனிந்து பார்த்தால், வலது குதிகால் தன்பாட்டுக்கு இடது கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

டாக்டர் முதலில் அந்த டியூபைத்தான் வாங்கிப் பார்த்தார். பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்தது. நாலு நாள் அரிப்பை அடக்கியது ஸ்டீராய்டு. நிஜமாகவே படர்தாமரையாக இருந்திருந்தால் அதே ஸ்டீராய்டு மேலே சிவப்பைக் குறைத்துக் காட்டி, அடியில் பூஞ்சையைப் பரவ விட்டிருக்கும் என்றார். திட்டின் ஓரத்தைப் பிளேடால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பூஞ்சை இல்லை.

"இது லைக்கன் சிம்ப்ளக்ஸ். யாருக்கும் தொத்தாது. சொறியச் சொறியத் தோல் தடிக்கும், தடிச்ச தோல் இன்னும் அரிக்கும். சாக்ஸ் எப்பவோ போயாச்சு, இப்ப உங்க கைதான் நோயை ஓட்டிக்கிட்டு இருக்கு." பிடரி, முழங்கை, கணுக்கால் என்று கை சுலபமாகப் போகிற இடங்களில்தான் இது வருமாம். வேலையாக இருக்கும்போது தெரியாது, படுத்தால் கிளம்பும். எனக்கும் அப்படித்தான். காலையில் படுக்கை விரிப்பில் புள்ளி புள்ளியாக ரத்தம் இருக்கும்.

ராத்திரி ஒரு வேளை க்ளோபெட்டசால் என்கிற வீரியமான ஸ்டீராய்டு களிம்பு, திட்டின் மேல் மட்டும், இரண்டு வாரம். பிறகு அவரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். மிஞ்சினால் தோல் மெலிந்துபோகும், முகத்துக்கும் தொடை இடுக்குக்கும் ஆகவே ஆகாது. களிம்புக்கு மேல் துணிக் கட்டு. மருந்துக்குச் சமமாக அந்தக் கட்டைத்தான் வலியுறுத்தினார், தூக்கத்தில் போகிற கைக்குத் தோல் அகப்படக் கூடாது என்று. நகத்தை ஒட்ட வெட்டி, அரித்தால் ஈரத்துணியை அழுத்தி வைக்கச் சொன்னார்.

கிளம்புவதற்கு முன் மறுபடி காட்டினேன். தடிப்பு பாதி இறங்கியிருந்தது. கறுப்பு மறைய மாசக்கணக்காகுமாம். திரும்பும் விமானத்திலும் கட்டை அவிழ்க்கவில்லை. அரைத் தூக்கத்தில் இரண்டு தடவை கை கீழே போனது. துணி தட்டுப்பட்டதும் திரும்பி வந்துவிட்டது.